மறைத்தும் பொய் சொல்லாத சாட்

மதுரை புதூரில் ஒரு செல்போன் கடையின் மாடியறை. அங்கே சாட் ஸ்டோரி வீடியோ தயாராவதைப் பார்க்கப் போயிருந்தேன். எழுதுவது சித்தி, எடிட்டிங் அவருடைய அக்கா மகன். கேமரா இல்லை, விளக்கு இல்லை, நடிகர்கள் இல்லை. ஒரு லேப்டாப், இரண்டு போன், ஒரு கோடு போட்ட நோட்டு, அவ்வளவுதான்.

குறுஞ்செய்தி வடிவில் கதை சொல்வது இவர்கள் கண்டுபிடித்ததல்ல. 2015-ல் அமெரிக்காவில் வந்த ‘ஹுக்டு’ என்ற செயலி இப்படித்தான் கதை சொன்னது. அதில் வாசகர் விரலால் தட்டினால்தான் அடுத்த செய்தி வரும். வேகம் வாசகர் கையில் இருந்தது. வீடியோவில் அது எடிட்டர் கைக்கு வந்துவிடுகிறது. எத்தனை நொடி காத்திருக்க வைப்பது என்பதும் எழுத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

நான் போனபோது அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பரோட்டா கதை. திரையில் தெரிவது மகளின் போன். மேலே ‘அப்பா’ என்ற பெயர். நேற்று மகள் அனுப்பிய “எப்பப்பா வருவ?” மேல் ஓரத்தில் பாதி தெரிகிறது. அதற்குக் கீழே இன்று இரவு 9:40-க்கு உரையாடல் தொடங்குகிறது. நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

அப்பா: பாப்பா
அப்பா: அம்மா தூங்கிட்டாளா?
மகள்: ம்
அப்பா: பரோட்டா வாங்கிட்டேன். சால்னா தனியா
மகள்: எத்தனை?
அப்பா: நாலு. ஆளுக்கு ரெண்டு. மொட்டை மாடிக்கு வந்துடு
மகள்: சுகர் டெஸ்ட் என்னாச்சு?
அப்பா: 260. அம்மாகிட்ட 140னு சொல்லியிருக்கேன்
மகள்: மாத்திரை போட்டாச்சா?
அப்பா: ரெண்டு நாளா இல்ல
மகள்: எங்க இருக்கீங்க?
அப்பா: தெருமுனை. என்ன புதுசா மரியாதை?
மகள்: பாப்பா ஒன்பது மணிக்கே தூங்கிட்டா

அவ்வளவுதான் கதை. கடைசிச் செய்தி வந்தபின் மேலே ‘தட்டச்சு செய்கிறார்’ என்று ஒருமுறை தோன்றி மறைகிறது. அப்பாவிடமிருந்து பதில் இல்லை.

இதை முதல்முறை படித்தபோது திருப்பம் கடைசி வரியில் இருப்பதாக நினைத்தேன். சித்தி நோட்டைத் திருப்பி, ஐந்தாவது வரியிலிருந்து மறுபடி படிக்கச் சொன்னார். நம் வீடுகள் பலவற்றில் மகள் அப்பாவை ‘நீ’ என்பாள், மனைவி கணவரை ‘நீங்க’ என்பாள். அந்தச் சொல்லைத் தவிர்த்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். “வர்றியா” என்றால் மகள், “வர்றீங்களா” என்றால் அம்மா. எனவே “எங்க இருக்கீங்க?” வரும்வரை போனை வைத்திருப்பவரின் பதில்கள் எல்லாவற்றையும் ஆள் தெரியாத சொற்களால் எழுத வேண்டியிருந்தது. “எத்தனை?” “என்னாச்சு?” “போட்டாச்சா?” மூன்றிலும் பேசுபவர் யார் என்று பிடிக்க முடியாது. முதலில் “மாத்திரை போட்டியா?” என்றுதான் எழுதியிருந்தாராம். அது அம்மா வாயில் வராது. படிப்பவரை ஏமாற்ற மட்டுமே இருக்கிற வரி அது. அடித்துவிட்டார்.

“மறைக்கலாம் தம்பி, பொய் சொல்லக் கூடாது. ரெண்டாவது தடவை பார்க்கிறவங்க ஒரு வரியில்கூட நம்மளைப் பிடிக்கக் கூடாது” என்றார்.

நல்ல சாட் ஸ்டோரிக்கும் சாதாரணமானதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று எனக்கும் படுகிறது. இறந்துபோனவர் செய்தி அனுப்புகிறார், எல்லாம் கனவு என்று முடிகிற வீடியோக்களில் கடைசி வரிக்கு முன்னால் இருக்கும் எதுவும் அதற்குக் கடன்பட்டதில்லை. இந்தக் கதையில் “எங்க இருக்கீங்க?” என்ற வரியில் சாவி பகிரங்கமாகக் கிடக்கிறது. அப்பாவே அதைப் பார்க்கிறார், கேலி செய்துவிட்டுத் தாண்டிப் போகிறார். பார்ப்பவரும் அவரோடு தாண்டிப் போவார்.

வாட்ஸ்அப்பில் பாதிப் பேர் தங்லீஷில்தானே எழுதுகிறார்கள், ஏன் தமிழ் எழுத்து என்று கேட்டேன். ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டுவதால் ஓடும் வீடியோவில் தங்லீஷ் வாசிக்க நேரமாகிறது, தமிழ் எழுத்தானால் கண் பட்டதும் வார்த்தை புரிகிறது என்றார்.

பிறகு எடிட்டிங். அதைச் செய்யும் தம்பி ஒவ்வொரு செய்திக் கட்டத்தையும் தனிப் படமாகச் செய்து கைன்மாஸ்டரில் அடுக்குகிறார். எல்லா மென்பொருளும் தமிழைச் சரியாகக் காட்டுவதில்லை. சிலவற்றில் நேரடியாகத் தட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். படமாக மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. செங்குத்துத் திரையின் கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் ஷார்ட்ஸின் தலைப்பும் பொத்தான்களும் மூடிவிடும் என்பதால், பச்சைக் கட்டங்கள் நிஜ வாட்ஸ்அப்பில் இருப்பதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கின்றன.

நேரக் கணக்கு தம்பியுடையது. ஒரு செய்தி வந்ததும் குறைந்தது ஒன்றே கால் நொடி, வார்த்தை கூடக்கூட இன்னும் கொஞ்சம். ‘260’ வந்த பிறகு மட்டும் இரண்டரை நொடி எதுவும் நடப்பதில்லை. பிறகு கீழே எழுதும் பெட்டியில் “என்ன” என்று ஒரு சொல் வந்து, எழுத்தெழுத்தாக அழிகிறது. எதிராளி எழுதி அழிப்பது நமக்குத் தெரியாது, போனை வைத்திருப்பவர் அழிப்பது மட்டுமே தெரியும். இந்த வடிவத்தில் ஒருவர் மனதுக்குள் எட்டிப்பார்க்க அந்தப் பெட்டிதான் ஒரே ஜன்னல்.

அந்த இடம் முதலில் சரியாக வரவில்லை. பெட்டியில் “என்னங்க” என்று முழுதாக வைத்திருந்தார்கள். கீழே கடையில் வேலை பார்க்கும் பையன்களிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினார்கள். அந்தச் சொல் தோன்றியதுமே “ஐயோ, அம்மா!” என்று ஒருவன் கத்திவிட்டான். மிச்ச ஐந்து வரிகளும் வீண். ‘ங்க’வை எடுத்துவிட்டு வேறு இருவரிடம் காட்டினார்கள். அவர்கள் கடைசி வரிக்குத்தான் சிரித்தார்கள்.

இன்னொரு சோதனை வெளியிட்ட பிறகு நடப்பது. யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எந்த நொடியில் கிளம்பிப் போகிறார் என்று ஒரு கோடு காட்டும். பழைய வீடியோ ஒன்றின் கோட்டைத் தம்பி காட்டினார். பன்னிரண்டாவது நொடியில் சரேலென்று இறங்கியிருந்தது. அந்த இடத்தில் ஒரே ஆள் தொடர்ந்து மூன்று செய்தி அனுப்புகிறார், எதிரில் கேள்வியும் இல்லை மறுப்பும் இல்லை. அன்றிலிருந்து ஒரே பக்கத்தில் இரண்டு கட்டத்துக்கு மேல் சித்தி எழுதுவதில்லை.

ஷார்ட்ஸின் எல்லை 2024 அக்டோபரில் 60 நொடியிலிருந்து மூன்று நிமிடமானது. பரோட்டா கதை ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. பதின்மூன்று வரிக் கதைக்கு அதற்குமேல் வேலை இல்லை என்கிறார் சித்தி, சரியான தீர்ப்புதான்.

இவர்கள் செய்யும் வீடியோக்கள் வேறு சேனல்களுக்குப் போகின்றன. காசு வருகிறது, பெயர் வருவதில்லை. சேனலின் முத்திரை மட்டும் மூலையில் இருக்கும். “போட்டியா”வை அடித்து “போட்டாச்சா” என்று எழுதிய கை யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சேனல் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வீடியோவின் கீழே விவரம் எழுதும் இடத்தில், எழுத்து இன்னார், எடிட்டிங் இன்னார் என்று ஒரு வரி போடுங்கள்.