காதுகுத்தும் நேரசூசியும்

கல்லூரியில் பயின்ற நாளில் எம் ஆசிரியர் ஒருவர் நேரசூசி எழுதும் முறையை எமக்கு விளக்கினார். நகர்த்த முடியாததை முதலில் எழுத வேண்டும். நகர்த்தக்கூடியதை எஞ்சிய கட்டங்களில் இட வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர் நாமும் ஆசிரியத் தொழில் புகுந்து, முப்பது ஆண்டுகள் அவ்விதியைப் பின்பற்றியே நேரசூசி எழுதினோம். ஆயினும் எம் வீட்டுக் காதுகுத்து ஒன்றில் அவ்விதியை அடியோடு மறந்தோம். அதன் பயனை இன்றும் எம் பேரனின் காதிலே காண்கிறோம்.

அது 2019ஆம் ஆண்டுத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது நிரம்பவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தோம், காலை 10.50க்கு நல்ல முகூர்த்தம் இருந்தது. கோயிலை ஒழுங்கு செய்தோம், அழைப்பிதழ் அடித்தோம், நூறு பேரை அழைத்தோம். பிள்ளை பதினொரு மணிக்கு நித்திரை கொள்பவன் என்பதை வீட்டில் எல்லோரும் அறிவோம். ஒருநாள் நித்திரை பிந்தினால் என்ன என்று எண்ணினோம். கோயிலிலோ அன்று இரண்டு திருமணங்கள். மண்டபம் ஒழியும்வரை காத்திருந்தபோது பிள்ளை தாயின் தோளில் உறங்கிவிட்டான். 11.30க்கு அவனை எழுப்பி மாமன் மடியில் இருத்தினோம். வலக்காது குத்தும்வரை திகைத்திருந்தான். அதன்பின் நாதசுரமும் தவிலும் ஒருபுறம் முழங்க, அவன் மறுபுறம் தலையை உதறி வீரிட்டான். நால்வர் பிடித்தும் இடக்காதின் துளை குறித்த புள்ளியில் விழவில்லை. ஒரு நெல்லளவு தாழ்ந்து சரிந்துபோயிற்று. பத்தர்மேல் குறையில்லை, உதறுகின்ற தலையில் எவர் கையும் அப்படித்தான் தவறும். குறை எம்முடையது.

சென்ற 2025ஆம் ஆண்டு அவன் தங்கைக்குக் காது குத்தும் காலம் வந்தது. தகப்பனார் வெளிநாட்டில் இருந்தமையால் நாள் பிந்தி, பிள்ளைக்குப் பதினேழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒற்றைப்படை மாதமாகையால் பெரியோர் மறுப்புச் சொல்லவில்லை. இம்முறை பஞ்சாங்கத்தைத் திறக்குமுன் ஒரு கொப்பியைத் திறந்தோம். பிள்ளை எழும் நேரம், உண்ணும் நேரம், கண் கசக்கும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றைத் தாயார் பத்து நாள் குறித்து வந்தார். ஆறு மணிக்கு எழுகிறாள், ஏழரைக்கு உண்கிறாள், பத்தரைக்குக் கண்ணைக் கசக்குகிறாள், பதினொன்றுக்கு உறங்கி ஒரு மணியளவில் எழுகிறாள். ஆகவே எட்டு முதல் பத்து வரையுள்ள இரண்டு மணி நேரமே எமக்கு உரியது. இதுவே நகர்த்த முடியாத கட்டம்.

இவ்வாறு பிள்ளையை முதலில் வைப்பது புதுமை என்று எவரும் எண்ண வேண்டா. பழைய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை காது குத்தும் முறையைக் கூறுமிடத்து, குழந்தையை மடியில் இருத்தி விளையாட்டுப் பொருள்களால் மகிழ்வித்த பின்னரே குத்தச் சொல்கிறது. வைத்தியர் இடக்கையால் காது மடலை இழுத்து, கதிரவன் ஒளி ஊடுருவித் தெரியும் இடத்தைக் கண்டு, வலக்கையால் நேராகக் குத்த வேண்டும். ஆணுக்கு வலக்காது முதல், பெண்ணுக்கு இடக்காது முதல் என்பது அதன் விதி. மகிழ்ந்திருக்கும் பிள்ளை, தெளிந்த வெயில், இவ்விரண்டும் கூடும் வேளை காலை வேளையன்றோ?

இனிக் கிழமை பார்த்தோம். சூரிய உதயத்தை ஆறு மணியாகக் கொள்ளும் வழக்கப்படி திங்கள் 7.30 முதல் 9 வரை இராகு காலம். சனி 9 முதல் 10.30 வரை இராகு காலம். செவ்வாயில் 9 முதல் 10.30 வரையும், புதனில் 7.30 முதல் 9 வரையும் எமகண்டம். இவை எம் இரண்டு மணி நேரத்தில் பாதியை விழுங்கிவிடும். வெள்ளியும் ஞாயிறும் அவ்வேளையில் குற்றமற்றவை. ஆனால் கோயிலில் சனம் மிகும் நாள்கள் அவையே. எஞ்சியது வியாழன். அன்று எமகண்டம் காலை 7.30உடன் நீங்கும், இராகு காலம் பகல் 1.30க்கே தொடங்கும்.

மாதம் தெரிவதில் கண்டிக்கே உரிய இடர்ப்பாடுகள் சில உண்டு. எசல பெரகர நடைபெறும் நாள்களில் நகர வீதிகள் அடைபடும். அவ்வாண்டு அது ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் நிறைவுற்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய எம் தமக்கையாரோ நல்லூர்த் திருவிழா முடியாமல் அசையமாட்டார். ஆவணி அமாவாசைத் தீர்த்தம் ஆகஸ்ட் 22இல் வந்தது. அதன்பின் வளர்பிறை. கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயிலிலே காது குத்துவது என்று எண்ணியிருந்தமையால் ஆகஸ்ட் 27 புதன்கிழமை விநாயக சதுர்த்தியையும் விலக்க வேண்டியதாயிற்று. அன்று பிள்ளையார் கோயிலில் நிற்க இடம் கிடையாது. மறுநாள் வியாழன், பஞ்சமி. கூட்டம் கலைந்து கோயில் அமைதியுற்றிருக்கும் நாள். அதனையே கொண்டோம்.

கோயிலில் கேட்டறிய வேண்டியவை மூன்று: காலைப் பூசை எப்போது நிறைவுறும், அன்று வேறு உபயமோ திருமணமோ உண்டா, உச்சிப் பூசைக்கு முன் மண்டபம் எவ்வளவு நேரம் ஒழிந்திருக்கும் என்பன. பூசை முடிந்து மணியும் மேளமும் ஓய்ந்த இடைவேளையே பிள்ளைக்கு உகந்தது. மேளம் வேண்டுமென்று சிலர் விரும்புவர். பிள்ளையின் அழுகையை மறைக்க அது உதவலாம். அழுகையைக் குறைக்க உதவாது.

ஆனால் வியாழக்கிழமை வேலை நாள். உற்றார் எப்படி வருவர்? இங்கேதான் அழைப்பிதழ் பற்றிய வழக்கு எழுந்தது. காது குத்துதலையும் விருந்தையும் இரண்டாகப் பிரிப்போம் என்றோம். வியாழன் கோயிலுக்கு எண்மர், ஞாயிறு வீட்டுக்கு அனைவரும். எம் பள்ளித் தோழர் ஒருவர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். "எங்களுக்குத் தேத்தண்ணி மட்டுந்தானோ? குத்துகிற நேரம் நாங்கள் வேண்டாதவர்களோ?" என்றார். அவர் கேட்டது நியாயமே. அழைப்பு என்பது உறவின் கணக்கு; அதில் ஒருவர் விடுபட்டால் அது பல காலம் மனத்தில் நிற்கும். எனவே ஒன்றையும் மறைக்காமல் காரணத்தை அழைப்பிலேயே எழுதினோம்:

"பேரன்புடையீர், எமது பெயர்த்தியின் காதணி விழா விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 12ஆம் நாள் வியாழக்கிழமை காலை, குழந்தையின் நித்திரை வேளைக்கு இயையக் கோயிலில் வீட்டார் மட்டில் நிகழும். குழந்தையை வாழ்த்தத் தாங்கள் குடும்ப சமேதராய் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை எம் இல்லத்துக்கு எழுந்தருள வேண்டுகிறோம். காதுப் புண் ஆறும்வரை புதுத் தோடு மாற்றலாகாது. ஆதலின் அணிகலன் தருவோர் அதனைப் பாட்டியாரிடம் ஒப்புவிக்க."

ஞாயிறு 2.30 என்றது பிள்ளை பகல் நித்திரை தெளிந்து உண்டு முடித்திருக்கும் வேளை என்பதனால், 4.30 என்றது அதன்பின் இராகு காலம் என்பதனால். "அன்றைக்கு அட்டமி எல்லோ?" என்றார் தமக்கையார். தேநீர் கொடுப்பது கிரியை அன்று என்று குருக்களே சொன்ன பின்னர்தான் அமைந்தார்.

வியாழன் காலை நடந்ததையும் சொல்கிறோம். எம் வீடு பேராதனைப் பக்கம். கோயிலுக்குச் செல்ல நகர்ப் பக்கம் போக வேண்டும். பாடசாலைகள் 7.30க்குத் தொடங்குவதால் அதற்கு முன் புறப்பட்டால் வீதியில் அகப்படுவோம். பிள்ளைக்கு உணவூட்டி 8.10க்குப் புறப்பட்டோம். வாகன ஆட்டத்தில் உறங்கிவிடாமல் தமையன் பக்கத்தில் இருந்து கதை பேசினான். 8.40க்குக் கோயில் சேர்ந்தோம். பத்தர் முன்கூட்டியே வந்திருந்தார். ஊசியையும் தங்கக் கம்பியையும் கொதிநீரில் இட்டு, மருந்துக் கடைச் சாராயத்தால் துடைத்து வைத்திருந்தார். ஏற்பு வலித் தடுப்பூசி மூன்றும் பிள்ளைக்கு ஆறாம் மாதத்திலேயே நிறைவுற்றிருந்தன.

பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கையில் இரு காதிலும் புள்ளியிட்டு, நேர் எதிரே நின்று மட்டம் பார்த்தார் பத்தர். ஒன்று சற்று உயர்ந்திருக்கவே அழித்து மறுபடியும் இட்டார். இரண்டாவது காதே எப்போதும் இடர் தருவது. முதற் குத்தில் பிள்ளை சங்கதியை அறிந்துகொள்கிறது. ஆதலால் பத்தர் ஒரு காதிலும் அவர் மகன் மறு காதிலுமாக இருவரும் ஆயத்தமாக இருந்தனர். தமக்கையார் விதியை விடவில்லை. இடக்காதுக்கு ஒரு மூச்சு முந்துரிமை கேட்டார். அப்படியே ஆயிற்று. வாயில் வாழைப்பழம் திணிக்க ஒருவர் முனைந்தார். அழும் பிள்ளைக்குப் புரையேறும் என்று தாயார் தடுத்துவிட்டார். 9.05க்குக் குத்தி, 9.10க்கு அழுகை ஓய்ந்தது. 10.15க்கு வீடு சேர்ந்தோம். பதினொன்றுக்கு வழமைபோல் உறங்கினாள்.

பின்னர் ஆறு கிழமை கம்பியைக் கழற்றாமல், நாளும் இருமுறை கை கழுவி உப்பு நீரால் துடைத்தோம். சிவப்புப் பரவுதல், சூடு, சீழ், காய்ச்சல் இவற்றுள் ஒன்று தோன்றினும் வைத்தியரிடம் செல்வதென்று இருந்தோம், தேவை நேரவில்லை.

ஞாயிறு பிற்பகல் பள்ளித் தோழரும் வந்தார். பிள்ளை அவர் மடியில் ஏறி மூக்குக்கண்ணாடியைப் பறித்து விளையாடிற்று. "குத்துகிற அன்று வந்திருந்தால் என்னைக் கண்டாலே அழுதிருக்கும்" என்று அவரே சொன்னார். அவர் பேரனுக்கு வரும் சித்திரையில் காதுகுத்து. அவன் எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறான் என்று கேட்டோம். தெரியாது, மருமகளைக் கேட்டு எழுதுகிறேன் என்றார்.

விருந்தினர் போன பின்னர் எம் பேரன் தங்கையைக் கண்ணாடிமுன் நிறுத்தி, அவள் காதுகளையும் தன் காதுகளையும் மாறிமாறிப் பார்த்தான். "அப்பப்பா, இவளுக்கு இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்குது" என்றான். ஆம் என்று மட்டுமே எம்மால் சொல்ல முடிந்தது.