இந்த வருஷம் இருபத்தி மூணே பேருக்கு வாழ்த்து

போன பொங்கலுக்கு நான் பண்ணின கூத்தை இங்க கொட்டிடறேன் மக்களே. திட்டறவங்க திட்டிக்கலாம்.

பொங்கலன்னிக்குக் காலைல வாட்ஸப்பைத் திறந்தா கரும்பும் பானையும் சூரியனுமா படங்கள் குவிஞ்சு கிடந்தது. பாதிக்கு மேல தலையில "Forwarded" முத்திரை. நான் அப்படியெல்லாம் அடுத்தவன் படத்தைத் தள்ளிவிடற ஆளில்லையாக்கும்! சொந்தமா நாலு வரி எழுதி, பிராட்காஸ்ட் லிஸ்ட்டுல நூத்திப் பத்து பேருக்கு அனுப்பினேன். அதுல ஒரு வசதி, வாங்கறவருக்கு அது தனக்கு மட்டும் வந்த மாதிரியே இருக்கும். முத்திரையும் விழாது. (நம்ம நம்பரை அவர் சேமிச்சு வெச்சிருந்தாத்தான் போய்ச் சேரும்ங்கறது வேற கதை.)

சாயங்காலம் பழைய ஆபீஸ் அண்ணன் ஒருத்தர்கிட்டேருந்து பதில் வந்தது. "நன்றி தம்பி. இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை."

அவரோட அம்மா ஐப்பசியில தவறிட்டாங்க. அது எனக்குத் தெரியாம இல்லை. நேர்ல போய் மாலை போட்டுட்டு வந்தவன் நான். சாவு விழுந்த வீட்ல அந்த வருஷம் பொங்கப் பானை ஏறாதுன்னும் தெரியும். அப்படியிருந்தும் "குடும்பத்தோடு பொங்கி மகிழுங்கள்"னு அவருக்கு அனுப்பியிருக்கேன். ஏன்னா அனுப்பறப்ப அவரை நான் நெனைக்கவே இல்லை. அவர் ஒரு லிஸ்ட்டுல இருந்தார், அவ்வளவுதான்.

எங்கப்பா தபால்ல பொங்கல் வாழ்த்து அனுப்பினவர். கவரை ஒட்டாம மூடியை உள்ள மடிச்சு வெச்சா அப்பல்லாம் ஸ்டாம்பு செலவு கம்மியா இருந்தது. படம் எல்லாருக்கும் ஒண்ணுதான், அச்சடிச்ச வரியும் ஒண்ணுதான். ஆனா கீழ மூலையில பேனாவால ஒரு வரி எழுதுவார். "செவலை கன்னு போட்டுச்சா?" "கெணத்துல தண்ணி எவ்வளவு நிக்குது?" பதில் கடிதம் வர்றது அந்த ஒரு வரிக்குத்தான். அச்சடிச்ச வாழ்த்துக்கு யாரும் பதில் போட்டு நான் பாத்ததில்லை.

அதனால இந்த வருஷம் லிஸ்ட்டைக் கலைச்சேன். ஒவ்வொரு பேரா பாத்து, "இவரைப் பத்தி எனக்குன்னு ஒரு சங்கதி தெரியுமா?"ன்னு கேட்டுக்கிட்டேன். தெரிஞ்சவங்க இருபத்தி மூணு பேர்தான் தேறினாங்க. மத்தவங்களுக்கு அனுப்பலை. ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலை :-)

மூணு ராத்திரி உக்காந்து எழுதினேன். ஒவ்வொண்ணும் மூணு நாலு வரி. வாயால எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே ஆரம்பம், அப்புறம் அவருக்கு மட்டும் பொருந்தற ஒரு சங்கதி, ஒரே வரியில பதில் சொல்லிடற மாதிரி ஒரு கேள்வி. படம் கிடையாது. நமக்கு ஆகவேண்டிய காரியம் எதையும் அதுல சேக்கறதும் கிடையாது. சேத்தா வாழ்த்து மனுவாயிடும். பொங்கலன்னிக்குக் காலைல அனுப்பினா படங்களுக்கு அடியில போயிடும்னு போகியன்னிக்கு சாயங்காலமே அனுப்பினேன்.

இதுலயும் சொதப்பினேன். சோம்பேறித்தனமா ஒண்ணைக் காப்பி பண்ணி பேரை மட்டும் மாத்தினதுல, மெட்ராஸ்ல மூணாவது மாடியில இருக்கற மாமாகிட்ட "மாட்டுக்குக் கொம்பு சீவியாச்சா?"ன்னு கேட்டுட்டேன். "மொட்டை மாடிக்குத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்கு மாப்ளே"ன்னு பதில் வந்தது. காப்பி பண்ணினா இப்படித்தான் பல்லிளிக்கும்.

அண்ணனுக்கு எழுதறதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு. வருஷத் திதி முடிஞ்சிருக்கும், அதனால வாழ்த்தலாம். ஆனா அம்மா பேச்சை எடுக்கலாமா? எடுக்காம விட்டா போன வருஷம் பண்ணின தப்பேதான். கடைசியில இப்படி அனுப்பினேன்.

"அண்ணே, நாளைக்கு அம்மா இல்லாம நீங்க வைக்கற முதல் பொங்கல். அம்மா வெண்கலப் பானையிலதான் வைப்பாங்கன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை பானையை ஏத்தப் போறது அண்ணிதானே? போன வருஷம் யோசிக்காம வாழ்த்து அனுப்பிட்டேன், மன்னிச்சுக்குங்க."

நீலக் கோடு விழுந்தது. ரொம்ப நேரம் ஒண்ணும் வரலை. தப்பாயிடுச்சோன்னு வயித்தைக் கலக்கிச்சு. ஒன்பதரை மணிக்கு ஃபோனே அடிச்சது.

"பானை பரண்ல கிடக்கு தம்பி. எறக்கலாமா வேணாமான்னு காலைலேருந்து நானும் உங்கண்ணியும் அதைப் பத்திப் பேசாமலே சுத்திக்கிட்டிருக்கோம்."

கொஞ்ச நேரம் அம்மாவைப் பத்திப் பேசினார். நடுவுல தொண்டை அடைச்சது. அப்புறம், "சரி வை, ஸ்டூல் எடுக்கணும்"னு வெச்சுட்டார்.