ஒரு ‘க்கு’ காணாமல் போனதால் வீதி தாண்டிய எங்கள் மனை!

“பத்து நிமிஷம் பேசினால் போதும்மா. பத்திரம், மனு இதிலெல்லாம் வர்ற எழுத்துப்பிழை பத்தி. நீங்கதான் தினமும் பிழை திருத்துறீங்களே” என்று அந்த வழக்கறிஞர் போனில் கேட்டபோது, எனக்குச் சிரிப்புதான் வந்தது. இணையதள டெஸ்க்கில் நான் திருத்துவது நடிகையின் பெயரில் வரும் ‘ன’வையும் ‘ண’வையும். தப்பாகப் போட்டுவிட்டால் வாசகர்கள் கமென்ட்டில் திட்டுவார்கள். எடிட் பட்டனை அழுத்தி மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். சட்ட ஆவணத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி?

ஆனால், பயிற்சி நடக்கும் இடம் வானூர் என்றதும் ஒப்புக்கொண்டேன். எங்கள் சொந்த ஊர் அந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. அதோடு, எங்கள் வீட்டில் ஒரு பத்திரக் கதை உண்டு.

பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் சட்டத் தன்னார்வலர்கள். அவர்கள் வக்கீல்கள் இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சார்பில் கிராமத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே நிற்பவர்கள். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பட்டா மாறுதல் மனு எழுதுவது, வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் நிரப்புவது, இலவச சட்ட உதவி கேட்டு வருபவரின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்வது எல்லாம் இவர்கள் வேலை. கல்லூரி முடித்த பையன்கள், மகளிர் குழு அக்காக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என முப்பது பேர் இருப்பார்கள்.

நான் கரும்பலகையில் முதலில் இரண்டு எழுத்துகளை எழுதினேன். ஒன்று, த/பெ. இன்னொன்று, க/பெ.

“இதுல என்ன வித்தியாசம்?”

“அப்பா பேரு, வீட்டுக்காரர் பேரு” என்றார் முன்வரிசை அக்கா.

“ராமலிங்கத்தோட பொண்ணு ஜெயா. அவங்க மனுவுல ‘ஜெயா, க/பெ ராமலிங்கம்’னு டைப் ஆயிடுச்சுன்னா?”

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அந்த அக்கா மட்டும் சிரிக்காமல் சொன்னார். “சிரிக்காதீங்க. எங்க தெருவுல நடந்துச்சு. அப்பா செத்ததும் வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டுது அந்தப் பொண்ணு. பழைய கார்டு ஒண்ணுல க/பெ போட்டு அப்பா பேரு இருந்துச்சு. செத்தவருக்கு ஏற்கெனவே சம்சாரம் இருக்குது, இது யாரு ரெண்டாவதான்னு விசாரணைக்கு வந்தவர் கேட்டுட்டாரு. அது அவமானத்துல அழுதுகிட்டே திரும்பி வந்துருச்சு.”

ஒரே எழுத்துதான். அதற்குள் மகள் மனைவியாகிவிட்டாள். வாரிசுச் சான்றில் ‘உறவு முறை’ என்று ஒரு கட்டம் இருக்கும். பங்கு கேட்கும்போது அந்தக் கட்டத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த அக்கா பேச்சை முடித்ததும், நான் தயாரித்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. நேராக எங்கள் வீட்டுக் கதைக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஆயா சிறுகச் சிறுகச் சேர்த்து ஐந்து சென்ட் மனை வாங்கியிருந்தார். அந்தப் பத்திரத்தில் நான்கு எல்லையும் பழைய முறையில் இருந்தது. நம் பக்கத்தில் சக்குபந்தி என்பார்களே, அதுதான். வீதிக்கு மேற்கு, பக்கத்துக்காரர் மனைக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் நிலத்துக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள காலிமனை.

இதை ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ‘வீதிக்கு மேற்கு’ என்றால், வீதிக்கு மேற்குப் பக்கத்தில் நம் மனை இருக்கிறது. அதாவது, நம் மனைக்குக் கிழக்கில் வீதி. இந்த ‘க்கு’தான் எந்த இடத்திலிருந்து திசையைப் பார்க்கிறோம் என்று சொல்கிறது. வீதியில் நின்று மனையைப் பார்க்கிறோம்.

பல வருடம் கழித்து ஆயா அந்த மனையை அப்பா பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைத்தார். எழுதியவர் பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு அழகாக டைப் செய்தார். மேற்கு: வீதி. வடக்கு: பக்கத்துக்காரர் மனை. தெற்கு: வாய்க்கால். கிழக்கு: கோயில் நிலம்.

நான்கு திசையும் இருந்தது, நான்கு பெயரும் இருந்தது. சர்வே எண் சரி, அளவு சரி. காணாமல் போனது ‘க்கு’ மட்டும்தான். ஆனால், இப்போது நாம் மனைக்கு நடுவில் நின்று நாலாபக்கமும் பார்க்கிறோம். மேற்கே திரும்பினால் வீதி இருக்க வேண்டும் என்கிறது பத்திரம். அப்படியென்றால் மனை வீதிக்குக் கிழக்கே இருக்க வேண்டும். அங்கே வேறொரு குடும்பம் மாட்டுக்கொட்டகை கட்டி வாழ்ந்துகொண்டிருக்கிறது! எங்கள் மனை காகிதத்தில் வீதியைத் தாண்டிப் போய்விட்டது.

யாரும் கவனிக்கவில்லை. ஆயா கைநாட்டு. அப்பா நம்பிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிகள் காபிக்கு அவசரப்பட்டார்கள்.

நான் படித்து வேலைக்கு வந்த பிறகு அப்பா வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டார். வங்கியின் வழக்கறிஞர் மூலப் பத்திரத்தையும் செட்டில்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லைகள் முரண்படுகின்றன, பிழைத்திருத்தல் பத்திரம் தேவை என்று எழுதிவிட்டார். கடன் நின்றது. அதற்குள் ஆயா இறந்திருந்தார்.

எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் ஒரு நாள் வேலை. எழுதிக்கொடுத்தவரும் வாங்கியவரும் போய் இன்ன பத்திரத்தில் இன்ன வரி தவறு, இன்னபடி வாசிக்க வேண்டும் என்று எழுதிப் பதிவு செய்துவிடலாம். அவர் இறந்துவிட்டால், அவருடைய வாரிசுகள் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு அது சித்தப்பாவும் இரண்டு அத்தைகளும்.

திண்டிவனம் அத்தை வர மறுத்துவிட்டார். “எழுதி வாங்கும்போது என்னைக் கேட்டீங்களாடா? இப்ப எழுத்து தப்புன்னதும் அக்கா வேணுமா?” என்று அப்பாவிடம் கேட்டார். அத்தை கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா மகனுக்கு மட்டும் எழுதிவைத்தது அவர் மனதில் எத்தனை வருடம் கிடந்திருக்கும்? ஒரு வேற்றுமை உருபு அதைத் தோண்டி வெளியே போட்டுவிட்டது. அப்பா ஏழு மாதம் திண்டிவனத்துக்கும் ஊருக்கும் அலைந்தார்.

“வரமாட்டேன்னே சொல்லிட்டா என்ன பண்றது?” என்று ஒரு பையன் கேட்டான். பக்கத்திலிருந்த வழக்கறிஞர் பதில் சொன்னார். 1963-ம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 26-வது பிரிவின்படி சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். ஆனால் அது இரு தரப்புக்கும் பொதுவாக நேர்ந்த தவறு, அல்லது மோசடி என்று நிரூபிக்க வேண்டும். இடையில் வேறொருவர் விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து அந்தச் சொத்தை வாங்கியிருந்தால், அவர் உரிமையைப் பாதித்துவிட்டுத் திருத்தம் கொடுக்க முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் கையைத் தூக்கினார். “சர்வே நம்பர் சரியா இருக்கே, அப்புறம் எல்லை தப்பானா என்னம்மா?”

நல்ல கேள்வி. இதற்காகவே ஒரு வழக்கைக் குறித்து வைத்திருந்தேன். சியோத்யான் சிங் எதிர் சனிசரா குவேர். 1961-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஏலத்தில் விற்ற நிலத்தின் விற்பனைச் சான்றிதழில் 1060 என்ற மனை எண்ணுக்குப் பதில் 160 என்று விழுந்துவிட்டது. ஒரு பூஜ்யம் காணோம். எல்லைகளும் மற்ற விவரங்களும் எந்த நிலம் என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டியதால், எண் தவறியது வெறும் விவரப்பிழைதான், நிலம் 1060-தான் என்று நீதிமன்றம் சொன்னது. எண் தவறினாலும் எல்லை காப்பாற்றும் என்று நாம் நினைப்பது இந்த மாதிரித் தீர்ப்புகளால்தான். ஆனால், அந்த ஒரு பூஜ்யத்தை நிரூபிக்க அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். எங்களுக்கோ காப்பாற்ற வேண்டிய எல்லையே தலைகீழாக நின்றது.

எண் தவறினால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வில்லங்கச் சான்று கிராமத்தையும் சர்வே எண்ணையும் வைத்துத்தான் தேடப்படுகிறது. 112/3 என்பது 121/3 ஆகிவிட்டால், 112/3-க்குத் தேடுபவர் கண்ணில் உங்கள் பத்திரமே படாது. விற்றவர் அதே நிலத்தை இன்னொருவருக்குக் காட்டினால், அவர் சான்றைப் பார்த்துவிட்டு ‘சுத்தமா இருக்கே’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

பிரிட்டனில் நடந்ததையும் சொன்னேன். கார்டிஃபில் டெய்லர் அண்ட் சன்ஸ் என்று நூறு வருடத்துக்கு மேல் பழைய பொறியியல் கம்பெனி. 2009-ல் கலைக்கப்பட்டது வேறு ஊரிலிருந்த டெய்லர் அண்ட் சன். அரசாங்கக் கம்பெனிப் பதிவேட்டில் ‘சன்ஸ்’ பெயரில் ஏற்றிவிட்டார்கள். சில நாள்களில் திருத்திவிட்டார்கள்தான். அதற்குள் செய்தி பரவி, சரக்கு கொடுப்பவர்கள் கடன் தர மறுத்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்த கம்பெனி மூழ்கியது. 2015-ல் லண்டன் உயர் நீதிமன்றம் பதிவு அலுவலகம்தான் பொறுப்பு என்றது. ஒரு ‘ஸ்’ செய்த வேலை.

“சரி மேடம், எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?” என்றான் அதே பையன். தமிழில் நன்றாகத் தெரிந்தவர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார். வாக்கியத்தைக் கண் தானாகச் சரிசெய்து படித்துவிடும். அதனால் தனியாகப் படித்துப் பார்க்காதீர்கள் என்றேன். பழைய பத்திரிகை அலுவலகங்களில் செய்ததுபோல ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் புதியதில் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். எண்களை ‘நூற்றுப் பன்னிரண்டு’ என்று வாசிக்கக் கூடாது. ‘ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு’ என்று ஒவ்வொன்றாக. எல்லை வந்ததும் இருவரும் நிறுத்தி, புலப்படத்தை வடக்கு மேலே இருக்கும்படி விரித்து, நான்கு வரியையும் அதில் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ‘க்கு’ இருந்தால் வெளியே நின்று மனையைப் பார்க்கிறோம், இல்லாவிட்டால் மனைக்குள் நின்று வெளியே பார்க்கிறோம். தவறு தெரிந்தால், பதிவுக்கு முன்பு அந்த இடத்தை அடித்துத் திருத்தி, எழுதிக்கொடுப்பவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் செலவே இல்லை.

பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. கடைசியில் எங்கள் மனையின் இரண்டு எல்லைக் குறிப்புகளையும் போர்டில் எழுதி, படம் வரையச் சொன்னேன். முப்பது பேரில் பாதிப்பேர் இரண்டுக்கும் ஒரே படத்தை வரைந்தார்கள். ஆசிரியரும்தான். அவரே எழுந்து சொல்லிவிட்டு, நோட்டில் அழித்து மறுபடி வரைந்தார்.

திண்டிவனம் அத்தை கடைசியில் வந்தார். பதிவு அலுவலகத்தில் பிழைத்திருத்தல் பத்திரத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அத்தை நிமிரவே இல்லை. முழுதும் படித்து முடித்த பிறகுதான், “பேனா குடுடா” என்று அப்பாவிடம் கை நீட்டினார்.