முதலில் அடையாளம், பிறகு வெட்டு

பழவேற்காட்டில் வலை வீசும் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஏரியைக் கைபேசியில் படம் பிடித்து, கைபேசியிலேயே தொகுத்து வருகிறேன். இதில் எனக்கு மிகவும் கைகொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. காட்சிகளைத் தொடுவதற்கு முன்பே, இசையின் அடிகளில் அடையாளம் வைத்துவிடுவேன். எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைப் 'பாடு' முறை முன்கூட்டியே வகுத்துவிடும். இசையில் வைக்கும் அடையாளங்களும் அப்படித்தான், ஒவ்வொரு காட்சிக்கும் உரிய இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகின்றன.

நான் பயன்படுத்துவது VN செயலி. இசையைச் சேர்த்து அந்தத் துண்டைத் தொட்டால், அடிகளைக் குறிக்கும் வசதி கிடைக்கும். தானாகவே குறிக்கவும் சொல்லலாம். தாளம் சீராக ஓடும் பாட்டுக்கு அது பெரும்பாலும் போதும். வலையிழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்குப் போதாது. வலை கனத்தால் பாட்டு மெதுவாகும், இலகுவானால் விரையும். அதனால் அதை ஓடவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் விரலால் தட்டியே குறிப்பேன்.

தட்டும்போது கம்பியில்லாக் காதொலிப்பானைக் கழற்றிவிடுவேன். அதில் ஒலி சற்றுப் பிந்தி வரலாம். 0.2 விநாடி பிந்தினாலே, விநாடிக்கு 30 சட்டகம் ஓடும் படத்தில் 6 சட்டகம் தள்ளிப்போகும். எல்லா அடையாளமும் ஒரே அளவு பிந்தியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். காலக்கோட்டை இரண்டு விரலால் விரித்து, அலைவடிவத்தின் மேடு தொடங்கும் இடத்தோடு அடையாளம் பொருந்துகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வீச்சுவலைக் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். பாட்டு நிமிடத்துக்கு 100 அடி. அப்படியானால் ஓர் அடிக்கு 0.6 விநாடி, அதாவது 18 சட்டகம். நான்கு அடி சேர்ந்த ஒரு சுற்று 2.4 விநாடி. அந்த ஒரு சுற்றைத்தான் வலை வீச்சுக்கு ஒதுக்கியிருந்தேன். காட்சி முதல் அடியில் சரியாகத் தொடங்கியது. ஆனாலும் பார்த்த என் சித்தப்பா, "வலை தண்ணியில விழுறதுக்கு முன்னாடியே மேளம் அடிச்சிடுதேடா" என்றார். வெட்டு அடியில் இருந்தது. கண் எதிர்பார்த்ததோ வலை விழும் கணத்தை.

அன்றிலிருந்து காட்சிக்குள்ளும் ஒரு கணத்தைத் தேடுகிறேன். ஈயக் குண்டுகள் தண்ணீரைத் தொடும் சட்டகத்தைக் கண்டுபிடித்து, அதை மூன்றாவது அடியின் மேல் நிறுத்துவேன். முதல் அடிக்கும் மூன்றாவது அடிக்கும் இடையே 36 சட்டகம். ஆகவே குண்டு தண்ணீரைத் தொடுவதற்கு 36 சட்டகம் முன்னால் காட்சி தொடங்க வேண்டும். அங்கே கை சுழலத் தொடங்கியிருக்கும். வலை விரிந்து, அடியோடு சேர்ந்து விழும். பூநாரைக்கும் இதே கணக்குத்தான். அது தண்ணீர்மேல் சிறிது தூரம் ஓடித்தான் எழும்பும். கால் தண்ணீரை விட்டு விலகும் சட்டகத்தை அடையாளத்தில் வைத்தால் போதும்.

எல்லா அடையாளத்திலும் வெட்டக் கூடாது. 12 சுற்று, 28.8 விநாடி ஓடும் ஒரு படத்தை நான் இப்படிப் பிரித்தேன். விடியற்கால ஏரிக்கு இரண்டு சுற்று. படகு, கோல், வலை, இறால் என்று நான்கு காட்சிகளுக்குத் தலைக்கு ஒரு சுற்று. ஏலம் நடக்கும் இடத்தில் கூடை, கை, முகம் என்று அரைச் சுற்றுக்கு ஒரு காட்சியாக எட்டுக் காட்சிகள், அதாவது நான்கு சுற்று. கடைசியில் கரையேறும் படகுக்கு இரண்டு சுற்று. ஆக 14 காட்சிகள். படமெடுக்கப் போகும்போதே எனக்கு எத்தனை காட்சி தேவை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பது தெரிந்திருந்தது. ஏரி விடியும் காட்சியை நான்கு விநாடியில் நிறுத்தாமல் பத்து விநாடி ஓடவிட்டதும் அதனால்தான். முன்னும் பின்னும் மிச்சம் இருந்தால்தான் கணத்தை நகர்த்தி அடியில் பொருத்த முடியும்.

தொகுக்கும்போது இடமிருந்து வலமாகவே போவேன். நடுவில் ஒரு காட்சியை இரண்டு சட்டகம் குறைத்தால், அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் முன்னால் நகர்ந்து அடையாளத்தை விட்டு விலகும். ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றும் மாற்றங்களைச் சேர்த்தாலும் சில செயலிகளில் இதேதான் நடக்கும். இரண்டு காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மொத்த நீளம் குறையும். அதனால் அடியோடு போகும் பகுதியில் நேர்வெட்டு மட்டுமே வைக்கிறேன்.

கடைசிச் சரிபார்ப்புக்கு, முடித்த படத்தைக் கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் ஓடவிடுவேன். வெட்டு பிந்துவதாகத் தோன்றினால் ஒன்றிரண்டு சட்டகம் முன்னால் இழுப்பேன். அடிக்குச் சற்று முந்திய வெட்டைக் கண் மன்னிக்கும், பிந்தியதை மன்னிக்காது என்பது என் அனுபவம். அப்படி இழுக்கும்போது குறைத்த சட்டகங்களை அடுத்த காட்சியின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டால், மற்ற வெட்டுகள் எல்லாம் தம் அடையாளத்திலேயே நிற்கும்.