கவிக்கு முன்னால ஏழு செக்கன்

கல்முனையில எங்கட உம்மும்மா படிச்ச கவி ஒன்று என்ட போன்ல இருக்கு. மொத்தம் 72 செக்கன். போனை மேசையில வெச்ச சத்தம், பிறகு ஃபேன், அஞ்சாவது செக்கன்ல "தொடங்கட்டா மனே?", ஏழரையில கவி. கடைசியா, நிறுத்தின விரல்ட 'டக்'.

அந்த முதல் ஏழு செக்கனையும் உடனே வெட்டப்போடா. அதுக்குள்ள ஃபேன் மட்டும் தனியா கேட்கிற மூணு செக்கன் இருக்கு. Audacity-யில அந்தத் துண்டைத் தெரிஞ்சு Noise Reduction-ல Get Noise Profile கொடுத்தா, எந்தச் சத்தத்தைக் குறைக்கணும் என்று அது அதிலிருந்துதான் எடுக்கும். கேள்வி அதுக்குள்ள விழுந்திட்டா, உம்மும்மாட குரலையும் சேர்த்துத் தின்னும். குறைச்ச பிறகுதான் வெட்டு.

வெட்டுறதை இயர்போனோட செய்யணும், கோட்டை மட்டும் பார்த்து இல்ல. கவிக்கு முதல் அவ மூச்செடுக்கிறது ஏழில கேட்குது. அதுக்கும் கொஞ்சம் முன்னாலதான் என்ட வெட்டு. கடைசி இழுவை 66-ல கோட்டில மறையுது, காதில 68 மட்டும் போகுது. 69-ல வெட்டி, கடைசி அரைச் செக்கனுக்கு Fade Out போட்டேன். இல்லாட்டி மிஞ்சின ஃபேன் சத்தம் கத்தியால அறுத்த மாதிரி நிற்கும்.

அனுப்புற பிரதியில "தொடங்கட்டா மனே?" இல்ல. மூலத்தில இருக்கு, வேற பெயர்ல. ஐபோன்ல வெட்டுறவங்களுக்கு ஒன்று: Trim தெரிஞ்ச பகுதியை வெச்சிருக்கும், Delete அதையே அழிக்கும்.