பிறர் பொருளும் தம் பொருளும்

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவு நிலைமை. அதன் பத்துக் குறள்களில் கடைசிக் குறள், அதாவது 120ஆம் குறள், வாணிகரைப் பற்றியது. நீதிமன்றத்துக்கும் பஞ்சாயத்துக்கும் உரியதாகத் தோன்றும் ஓர் அதிகாரம் ஏன் கடைத்தெருவில் வந்து முடிகிறது என்ற ஐயம் எழலாம். பரிமேலழகர் இதற்கு விடை கூறுகிறார். இறுதி மூன்று குறள்களில் முன்னிரண்டும் அவையில் அமர்ந்து வழக்கைத் தீர்ப்பவர்களுக்கு உரியன. மூன்றாவது வாணிகருக்கு உரியது. இவ்விரு திறத்தாருக்கும் நடுவு நிலைமை என்னும் அறம் தனிச் சிறப்புடையது என்பது அவர் கருத்து. இருவர் கையிலும் துலாக்கோல் இருக்கிறது. ஒருவர் வழக்கை நிறுக்கிறார். மற்றவர் பொருளை நிறுக்கிறார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணியாற்றிய எனக்கு இக்குறள் மிக நெருக்கமானது. இதில் உள்ள சொற்கள் ஏழே. அவற்றுள்ளும் ஒரு சொல் இருமுறை வருகிறது. வாசக அன்பர்கள் தம் வீட்டுக் குறள் நூலில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வரலாம். பொருள் தெளிவாகும் பொருட்டு, பின்னடியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், ‘பிறவும்’ என்ற சொல். இது ‘பிறரும்’ அன்று. பிற என்பது அஃறிணைப் பன்மை. பிறருடைய பொருள்கள் என்று இங்கே பொருள்படும். அதன் இறுதியில் உள்ள ‘உம்’ கவனிக்கத் தக்கது. தன் பொருளைக் காப்பதோடு, பிறர் பொருளையும் காக்க வேண்டும் என்பதை அந்த உம்மை உணர்த்துகிறது. வாணிகன் தன் முதலை இழந்து பிறருக்கு வாரி வழங்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. அது ஈகை; அதற்கு வேறு அதிகாரம் உண்டு.

அடுத்தது ‘தமபோல்’. தம என்றால் தம்முடையவை. தம்முடைய பொருள்களைப் போல என்பது பொருள். குறளின் அளவுகோல் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. சட்டப் புத்தகத்தையோ ஊர்ப் பேச்சையோ பார்க்கச் சொல்லாமல், இதே பொருள் உன்னுடையதாக இருந்தால் நீ என்ன செய்வாய் என்று உன்னையே கேட்கச் சொல்கிறது.

மூன்றாவது சொல் ‘பேணி’. முதலடியின் இறுதியில் நின்றாலும், பரிமேலழகர் இதைப் பின்னடியோடு சேர்த்தே பொருள் கொள்கிறார். பேணுதல் என்பது பூட்டி வைப்பது மட்டுமன்று; அக்கறையோடு போற்றிக் காப்பது. குழந்தையைப் பேணுகிறோம்; உடலைப் பேணுகிறோம். அந்த அக்கறைதான் இங்கும்.

நான்காவது ‘செயின்’. செய்தால் என்று பொருள்; நிபந்தனை. அப்படிச் செய்தால்தான் என்ற உறுதி இதில் அடங்கியிருக்கிறது.

இனி முதலடி. ‘செய்வார்க்கு’ என்பது செய்பவர்களுக்கு. ‘வாணிகம்’ என்ற சொல் இருமுறை வருகிறது. இருமுறையும் ஒரே பொருளில் வரவில்லை. முதலில் வருவது தொழிலின் பெயர். இரண்டாவது, உண்மையிலேயே வாணிகம் என்று சொல்லத் தகுந்தது. பரிமேலழகர் நன்றாகிய வாணிகம் என்று விரிக்கிறார். ஆக, பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே போற்றிச் செய்தால், வாணிகம் செய்பவர்களுக்கு அதுவே வாணிகம். இல்லையேல் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும்.

பேணிச் செய்வது எப்படி என்பதற்கும் அவர் விளக்கம் தருகிறார். வாங்கும்போது அளவு கூடாமலும், கொடுக்கும்போது அளவு குறையாமலும் பார்த்துக்கொள்வதுதான் அது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை இதே பண்பினால் புகழ்கிறது. அங்கே ஓர் அழகிய உவமையும் உண்டு. நுகத்தடியின் நடுவில் இருக்கும் பகலாணியைப் போல அவர்கள் நடுவில் நின்றார்களாம். இரு மாடுகளுக்கும் சம தூரத்தில் இருக்கும் ஆணி அது. ஒரு பக்கம் சிறிது நகர்ந்தாலும் ஒரு மாட்டின் கழுத்தில் பாரம் ஏறிவிடும்.

இதற்கு இக்கால உதாரணமாக வங்கியின் நகைக் கடனைச் சொல்வேன். நம் குடும்பங்களில் அதை அறியாதவர் குறைவு. நான் இளம் அதிகாரியாக இருந்தபோது கிளையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கணக்குப் பார்க்க எளிதாக இருக்கும்படி, தொகைகளை மட்டும் முழு எண்களாக்கித் தருகிறேன்.

ஒரு மூதாட்டி கெம்புக் கல் பதித்த அட்டிகையை அடகு வைக்க வந்தார். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்து, 22 காரட் என்று உறுதி செய்து, நிறுத்தார். மொத்த எடை 48 கிராம். கற்களுக்கும், அவற்றின் பின்னே நிரப்பிய அரக்குக்குமாக 8 கிராம் கழித்து, நிகர எடை 40 கிராம் என்று எழுதினார். அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. “என் எட்டு கிராம் எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். கிராம் 2,500 ரூபாய் என்றால், 40 கிராமின் மதிப்பு 1,00,000 ரூபாய். அதில் 75 சதவீதம், அதாவது 75,000 ரூபாய் கடன். 48 கிராமுக்கும் மதிப்புப் போட்டிருந்தால் 90,000 ரூபாய் கிடைத்திருக்கும். அந்தக் கூடுதல் 15,000 ரூபாய்க்கு ஈடாகப் பெட்டகத்தில் தங்கம் இராது. கல்லும் அரக்கும்தான் இருக்கும். அந்தப் பணம் யாருடையது? வங்கியில் வைப்புத்தொகை போட்டிருக்கும் ஓய்வூதியர்களுடையது. அதுவும் ‘பிற’ என்ற சொல்லில் அடங்கும்.

மாறாக, மதிப்பீட்டாளர் 8 கிராமுக்குப் பதில் 12 கிராம் கழித்திருந்தால், கடன் 67,500 ரூபாயாகக் குறைந்திருக்கும். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. அந்த 4 கிராம் தங்கம் ஏட்டில் இடம் பெறாது. எழுதப்படாத தங்கத்துக்குக் காவல் இல்லை. நாளை அது குறைந்தாலும் கேட்பதற்குச் சான்று இல்லை. அதனால்தான் எங்கள் மேலாளர் அந்த அம்மையாரை மேசைக்கு அருகே அழைத்து அமர வைத்து, அவர் கண் முன்னே தராசில் மீண்டும் நிறுக்கச் செய்தார். கழித்த எடை எதற்கென்று மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக் காட்டினார். பிறகு நகை பையில் இடப்பட்டு, எண் எழுதி, முத்திரை வைத்து, இருவர் சாவியிட்டுத் திறக்கும் பெட்டகத்துக்குள் சென்றது. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றொன்று காசாளரிடம். ஒருவர் மட்டும் திறக்க இயலாது.

ஓராண்டுத் தவணை முடிந்தது. அம்மையார் வரவில்லை. நினைவூட்டுக் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏல அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். முகவரியில் இல்லை என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தது. விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று நகைக் கடன் பகுதி எழுத்தர் அந்த அட்டிகையையும் ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தார்.

மேலாளர் அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இது உங்கள் அம்மாவின் அட்டிகையாக இருந்து, ஒரு தபால் திரும்பி வந்தால், அதோடு விட்டுவிடுவீர்களா?” என்று எழுத்தரைக் கேட்டார். குரலில் கடுமை இல்லை. எழுத்தர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “தேடிப் பார்க்கிறேன், சார்” என்றார்.

தேட வழி இருந்தது. அக்காலத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்க, ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையொப்பம் இட வேண்டும். பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தபோது, அறிமுகம் செய்தவர் பூக்கடை வைத்திருந்த ஒருவர் என்று தெரிந்தது. அவரைக் கேட்டதில், அம்மையார் கீழே விழுந்து எலும்பு முறிந்து, வெளியூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அறிந்தோம். மறுவாரமே மகளுடன் வந்தார். ஒன்றரை ஆண்டு வட்டி, ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் 11,250 ரூபாய். அதை முழுவதும் கட்டி, கடனைப் புதுப்பித்துச் சென்றார். பின்னொரு நாள் நகையை மீட்டுக்கொண்டார்.

வட்டியில் மேலாளர் ஒரு ரூபாயும் தள்ளவில்லை. வயதானவராயிற்றே என்று எனக்கு அப்போது தோன்றியது. வட்டியைத் தள்ளியிருந்தால், அது மேலாளர் தம் பணத்தில் காட்டிய இரக்கம் ஆகாது. வைப்புத்தொகை போட்டவர்களின் பணத்தில் காட்டிய தாராளமாக இருந்திருக்கும். ‘பிறவும்’ என்ற சொல்லின் உம்மை இரு பக்கமும் பார்க்கிறது. பகலாணி இரு மாடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

ஒருவேளை ஏலம் தவிர்க்க முடியாததாகி, தங்கம் கிராம் 3,000 ரூபாய்க்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 40 கிராமுக்கு 1,20,000 ரூபாய் வந்திருக்கும். அசலும் வட்டியும் 86,250 ரூபாய். ஏலச் செலவு 1,750 ரூபாய் என்று கொண்டால் மொத்தம் 88,000 ரூபாய். எஞ்சிய 32,000 ரூபாய் வங்கியின் இலாபமன்று; அடகு வைத்தவருக்குத் திருப்பித் தர வேண்டிய உபரித் தொகை. கொடுப்பது குறையாமல் கொடுத்தல் என்பது இங்கே சோதிக்கப்படுகிறது. ஏனெனில், நகை போய்விட்டது என்று எண்ணி மனம் உடைந்த பலர் அந்த உபரியைக் கேட்க வருவதே இல்லை. கேட்காதவருக்கு உரியதையும் தேடிச் சென்று கொடுப்பதுதான் ‘பேணி’ என்ற சொல்லின் முழுப் பொருள்.

அன்று அந்த மேலாளர் தம் மனத்தைக் கேட்டுச் செய்தவற்றுள் சில, இன்று ஏட்டில் ஏறியிருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கடன் பெறுபவர் முன்னிலையிலேயே நகையை மதிப்பிட வேண்டும். கடன் தீர்ந்த பின் வங்கியின் பக்கமுள்ள காரணத்தால் நகையைத் திருப்பித் தருவது தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். ஏல உபரியையும் திருப்பித் தர வேண்டும். அன்பர்கள் நகையை அடகு வைக்க நேர்ந்தால், ரசீதில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கையொப்பம் இடுங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை உடனே வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

எனினும், திரும்பி வந்த உறையை என்ன செய்வது என்பதை எந்த நெறிமுறையாலும் முழுமையாக எழுதிவிட முடியாது. கோப்பில் வைப்பதா, விண்ணப்பத்தைத் தேடி எடுப்பதா என்பதை அந்த நேரத்தில் அதைக் கையில் வைத்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார். அவருக்கு ‘தமபோல்’ என்ற அந்த ஒரு சொல் போதும்.