முதல் நாளே ஓடிப் போகிறவர்கள்

வீட்டுக் கணக்கு எழுத ஒரு ஆப் செய்திருக்கும் மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். நூறு பேர் அதை இறக்கினால் எண்பது பேர் மறுநாள் வருவதில்லையாம். எதையெல்லாம் பதிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். ‘எல்லா பட்டனையும் சார். மொத்தம் எழுபது ஈவென்ட்.’ யார் எதைத் தொட்டார்கள் என்பது தெரிகிறது. எங்கே நின்றுபோனார்கள் என்பது தெரியவில்லை.

இந்த ஆப்பால் முதல் பலன், ஒரு செலவை எழுதிச் சேமிக்கும்போதுதான். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் நாலே படி: first_open, otp_requested, otp_verified, first_expense_saved. கூடவே otp_failed, என்ன காரணம் என்ற குறிப்போடு. மற்றதை மூட்டை கட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் வந்த நூறு பேரில் 70 பேர் ஓடிபி கேட்டிருந்தார்கள். 32 பேர்தான் அதைத் தாண்டினார்கள். தாண்டியவர்களில் 27 பேர் செலவு எழுதிவிட்டார்கள்! ஆக, கணக்கு எழுதும் பக்கத்தில் குறையில்லை. தோற்றவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் ‘நேரம் முடிந்தது’. எஸ்எம்எஸ் தாமதம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஈவென்ட்கள் போனில் சேர்ந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மொத்தமாகக் கிளம்பும். கோபத்தில் உடனே ஆப்பை அழிப்பவரின் தடயம் அவரோடு போய்விடலாம். நமக்கு வேண்டியவரோ அவர்தான். அதனால் ஓடிபி கணக்கை சர்வரிலேயே எழுதிக்கொள்வது உத்தமம்.

முதலில் திறந்தும் ஓடிபி கேட்காத அந்த 30 பேர்? போன் நம்பர் கொடுக்கப் பயமா, அலுப்பா என்று எந்த ஈவென்ட்டும் சொல்லாது. தெரிந்தவர்கள் ஐந்து பேரிடம் ஆப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காரச் சொல்லியிருக்கிறேன்.